பதினோரு யூனிட் கூடினால் பதினாறு வெள்ளி ஏறுமா? பினாங்கு வீடுகளின் லைட் பில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வீட்டு மின்கட்டணம் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பட்டர்வொர்த் பக்கம் தெரிந்தவர்கள் பில்லை நீட்டிக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். டி.என்.பி. வழங்கும் சாதாரண வீட்டுக் கணக்குக்கு மட்டுமே இவை பொருந்தும். கடை, தொழிற்சாலைக் கணக்கு வேறு. ஒரு யூனிட் என்று சொல்லும் இடத்தில் ஒரு கிலோவாட் மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாசத்தைவிட பதினோரு யூனிட்தான் கூட ஓடியிருக்கு. பில் மட்டும் எப்படிப் பதினாறு வெள்ளிக்கு மேல ஏறுச்சு?

ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஒரு மாதம் 343 யூனிட், அடுத்த மாதம் 354 யூனிட். கணக்கை இரண்டு வரியில் போடலாம்.

முதல் வரியில் யூனிட்டுக்கு 44.43 சென். மின்சாரத்துக்கு 27.03, கொள்ளளவுக் கட்டணம் 4.55, கம்பிவலைக் கட்டணம் 12.85 ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்த 44.43. இரண்டாவது வரி கழிவு. பில்லில் 'இன்சென்டிஃப் செகாப் தெனாகா' என்று கழித்தல் குறியோடு இருக்கும். குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு சென் என்று திருப்பித் தரும் ஊக்கத்தொகை அது.

343 யூனிட்டுக்கு முதல் வரி 152.39 ரிங்கிட். கழிவு யூனிட்டுக்கு 21 சென், அதாவது 72.03 ரிங்கிட். மிச்சம் 80.36.

354 யூனிட்டுக்கு முதல் வரி 157.28 ரிங்கிட். இங்கே கழிவு யூனிட்டுக்கு 17 சென்தான், ஆகவே 60.18 ரிங்கிட். மிச்சம் 97.10.

முதல் வரி ஐந்து ரிங்கிட்டுக்குக் கீழேதான் கூடியிருக்கிறது. ஆனால் கழிவில் கிட்டத்தட்ட பன்னிரண்டு ரிங்கிட் போய்விட்டது. 350-ஐத் தாண்டியதும் கழிவு 21 சென்னிலிருந்து 17 சென்னுக்கு இறங்குகிறது. அது தாண்டிய நான்கு யூனிட்டுக்கு மட்டும் இறங்கவில்லை, 354 யூனிட்டுக்கும் சேர்த்தே இறங்குகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் புதிய பில்லில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முன்னாடி 200, 300, 600-ன்னு படி இருந்துச்சே. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. 2014 முதல் 2025 ஜூன் வரை இருந்த பழைய முறையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100-க்கு 33.40 சென், அதற்கு மேல் 600 வரை 51.60 சென். மேல்படிக்குப் போனாலும் கீழ்ப்படியில் ஓடிய யூனிட்டுக்குப் பழைய மலிவு விலையே நிற்கும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும். அதே வீட்டில் 343-க்கும் 354-க்கும் அன்றைக்கு வித்தியாசம் 5.68 ரிங்கிட்தான் வந்திருக்கும்.

இன்றைய முறையில் மொத்த யூனிட் எந்தப் படியில் விழுகிறதோ, அந்தப் படியின் கழிவு எல்லா யூனிட்டுக்கும் பொருந்தும். அதனால் எல்லைக் கோட்டை ஒட்டி இருக்கும் வீட்டுக்குத்தான் அடி. நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும்: பழைய முறையில் 354 யூனிட்டுக்கு 104.86 ரிங்கிட் வந்திருக்கும், இப்போது 97.10. சாதாரணக் குடும்பத்துக்கு மொத்தத் தொகை குறைந்தேதான் இருக்கிறது. மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதுதான் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

அப்படின்னா எந்த எண்ணைக் கவனிக்கணும்?

200-க்கு மேல் 900 வரை ஒவ்வொரு 50 யூனிட்டுக்கும் ஒரு படி இருக்கிறது. 1000-ஐத் தாண்டினால் கழிவே கிடையாது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஏனென்றால் எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை. 300-லிருந்து 301-க்குப் போனால் ஐந்து ரிங்கிட்டுக்குச் சற்றுக் கீழேதான் கூடும். 400-ஐத் தாண்டினால் பத்தே முக்கால் ரிங்கிட்டை ஒட்டி, 450-ஐத் தாண்டினால் பதினொன்றரை.

நடுத்தரக் குடும்பங்களுக்கு வலிக்கும் எண்கள் இரண்டு. ஒன்று 350: சரியாக 350 யூனிட் என்றால் 82 ரிங்கிட், ஒரே ஒரு யூனிட் கூடினால் 95.93. இன்னொன்று 600. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் வீடு வழக்கமாக 310 ஓடுகிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. 340-க்கும் 360-க்கும் இடையில் ஆடுகிறது என்றால்தான் இந்தப் பக்கம் உங்களுக்குப் பயன்படும்.

சாஜ் கபாசிதி, சாஜ் ரங்காயான், சாஜ் பெருன்சித்தான்னு மூணு இருக்கு. இதெல்லாம் ஓடினாலும் ஓடாட்டியும் கட்டவேண்டிய மாசச் சந்தாவா?

முதல் இரண்டும் அப்படி இல்லை. மேலே சொன்ன கொள்ளளவுக் கட்டணமும் கம்பிவலைக் கட்டணமும்தான் அவை. பெயரைப் பார்த்தால் நிலையான கட்டணம் மாதிரித் தெரியும், ஆனால் வீட்டுக் கணக்கில் அவையும் யூனிட் கணக்கில்தான் ஏறும். யூனிட் குறைந்தால் அவையும் குறையும்.

உண்மையான நிலைக் கட்டணம் மூன்றாவது ஒன்றுதான். சாஜ் பெருன்சித்தான் மாதம் 10 ரிங்கிட். மாதம் 600 யூனிட்டுக்கு மிகாத வீட்டுக்கு அது தள்ளுபடி.

600-ஐத் தாண்டினா என்ன ஆகும்?

நான்கு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கும். கழிவு 9 சென்னிலிருந்து 7.5 சென்னுக்கு இறங்கும். அந்த 10 ரிங்கிட் பில்லில் வந்து உட்காரும். எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டல் உங்களுக்கும் பொருந்தத் தொடங்கும். அது சில மாதம் கூட்டும், சில மாதம் கழிக்கும். கடைசியாக, 600-க்கு மேல் ஓடிய பகுதிக்கு மட்டும் 8 சதவீதம் சேவை வரி.

பட்டர்வொர்த்தில் தாத்தா பாட்டியோடு ஏழு பேர் இருக்கும் ஒரு தரை வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் 596 யூனிட்: கழிவு போக 211.16 ரிங்கிட். தீபாவளி மாதம் உறவினர்கள் வந்து தங்கி, 604 யூனிட்: கழிவு போக 223.06, அதோடு 10 ரிங்கிட் சேர்த்து 233.06. எட்டு யூனிட்டுக்கு 21.90 ரிங்கிட். இதில் சேவை வரியையும் அந்தச் சரிக்கட்டலையும் சேர்க்கவில்லை. சேவை வரி நான்கு யூனிட்டுக்குத்தான், ஆகவே அது பெரிய தொகை இல்லை. பலர் அந்த வரியைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் பணம் போனது கழிவிலும் அந்த 10 ரிங்கிட்டிலும்.

இதைத் தவிர, 300-ஐத் தாண்டும் எல்லா வீட்டுக்கும் கே.டபிள்யூ.டி.பி.பி. என்ற 1.6 சதவீதம் உண்டு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகும் தொகை அது. மேலே போட்ட கணக்குகளில் அதைச் சேர்க்கவில்லை. 350 பக்கம் ஓடும் வீட்டுக்கு ஒன்றிரண்டு ரிங்கிட், 600 பக்கம் மூன்று நான்கு ரிங்கிட் கூட்டிக்கொள்ளுங்கள்.

மீட்டர் படிக்க ஒரு மாசம் 3-ஆம் தேதி வர்றாங்க, இன்னொரு மாசம் 6-ஆம் தேதி. நாள் கூடினா நாமதானே படி தாண்டுறோம்?

நல்ல கேள்வி. நாளுக்கு 10.8 யூனிட் ஓடும் வீட்டில் 31 நாளுக்கு 335 வரும், 33 நாளுக்கு 356 வரும். நீங்கள் எதையும் கூடப் போடவில்லை, படி மட்டும் தாண்டிவிட்டது மாதிரித் தெரியும்.

இதற்காகத்தான் பில்லில் 'ஃபக்தோர் புரோராத்தா' என்று ஒரு எண் அச்சாகிறது. வழக்கமான ஒரு மாத பில்லில் அது 1.00000. காலம் நீண்டால் அது ஒன்றைவிடக் கூடும், அந்த அளவுக்குப் படியின் எல்லையும் நீளும். ஆகவே நீண்ட மாதத்தில் யூனிட்டை மட்டும் பார்த்துப் பயப்படக்கூடாது. 'தெம்போ பில்' வரியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதையும் இந்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். நாள் தெளிவாகக் கூடியிருந்தும் எண் 1.00000 என்றே இருந்து, நீங்களும் படி தாண்டியிருந்தால், அதைக் காட்டி விளக்கம் கேட்கலாம்.

இரண்டு மாதத்தை ஒப்பிடும்போது யூனிட்டை நாளால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள். 335-ஐ 31-ஆல், 356-ஐ 33-ஆல் வகுத்தால் இரண்டும் 10.8. வீட்டில் பயன்பாடு மாறவே இல்லை என்று அப்போதுதான் தெரியும். ஃப்ரிஜ் கெட்டுப்போச்சோ, யாராவது கரண்ட் திருடுறாங்களோ என்று பதறி வருபவர்களில் பலருக்கு இந்த ஒரு வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

பில்லில் 'பாச்சாஆன் அங்காரான்'னு போட்டிருக்கு. அது என்ன?

உத்தேச அளவு. கேட் பூட்டியிருந்தது, நாய் கட்டாமல் இருந்தது, மீட்டர் பெட்டிக்கு முன்னால் அலமாரி நிற்கிறது, இப்படி ஏதோ காரணத்தால் மீட்டரைப் பார்க்க முடியவில்லை. அதனால் உங்கள் முந்தைய பயன்பாட்டை வைத்து ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். நேரில் படித்திருந்தால் 'பாச்சாஆன் செபெனார்' என்று இருக்கும்.

மீட்டரில் இருப்பது தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே போகும் எண். அதனால் உத்தேசம் தப்பானாலும், அடுத்த முறை உண்மையாகப் படிக்கும்போது மொத்த யூனிட் தானாகச் சரியாகிவிடும். இந்த மாதம் குறைத்துப் போட்டது அடுத்த மாதம் வந்து சேரும். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மீட்டர் படிக்க ஆள் வராமல் இருந்து, பிறகு சேர்த்துப் படித்ததும் பெரிய பெரிய பில்லாக வந்ததே, அது இந்த வகைதான்.

உத்தேசம் எந்தப் பக்கம் தப்பியது என்று கண்டுபிடிப்பது சுலபம். பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். 5-ஆம் தேதி பில்லில் தற்போதைய அளவு 48,210 என்று இருக்கிறது, இன்றைக்கு 12-ஆம் தேதி மீட்டரே 48,160 தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் கழித்தும் மீட்டர் அந்த எண்ணைத் தொடவில்லை. அப்படியென்றால் கூடப் போட்டுவிட்டார்கள். மாறாக மீட்டர் 48,450 காட்டினால், ஏழு நாளில் 240 யூனிட் ஓடியிருக்க வழியில்லை, ஆகவே குறைத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த பில் பெரிதாக வரும், பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

சக்கரம் சுற்றும் பழைய மீட்டராக இருந்தால் கருப்புக் கட்டத்து எண்களை மட்டும் படியுங்கள். கடைசியில் இருக்கும் சிவப்புக் கட்டம் தசமம். அதையும் சேர்த்துப் படித்தால் பத்து மடங்காகத் தெரியும்.

தொடர்ந்து இரண்டு மாதம் உத்தேசமாகவே வந்தால் விட்டுவிடாதீர்கள். மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஆள் வந்து படிக்கும் மீட்டருக்கு, நீங்களே படித்து அனுப்பும் வசதி myTNB செயலியில் உண்டு.

ஸ்மார்ட் மீட்டர் மாத்திட்டாங்க. அதுலயும் இந்தப் பிரச்சினை வருமா?

மிகக் குறைவு. அது தூரத்திலிருந்தே படிக்கப்படுவதால் பூட்டிய கேட் ஒரு தடையில்லை. myTNB-இல் நாள்வாரியாக எத்தனை யூனிட் என்று பார்க்கலாம். 350-ஐ ஒட்டி ஓடும் வீட்டுக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது.

சரி, 350-க்குள்ள நிற்க வீட்டுல என்ன செய்யறது?

மாதம் முழுக்கச் சிக்கனம் பிடிக்க வேண்டியதில்லை. இருபதாம் நாள் ஒரு தடவை பாருங்கள், போதும். மீட்டர் படித்த தேதியிலிருந்து இருபது நாள் எண்ணி, இன்றைய மீட்டர் அளவிலிருந்து பில்லில் உள்ள அளவைக் கழியுங்கள். 233-க்குள் இருந்தால் 350-க்குள் முடிக்கும் வேகத்தில் போகிறீர்கள்.

245 வந்துவிட்டது என்று வைப்போம். நாளுக்கு 12.25 ஓடுகிறது, இப்படியே போனால் 367-இல் முடியும். மிச்சம் பத்து நாளுக்கு இருப்பது 105 யூனிட், அதாவது நாளுக்கு 10.5. குறைக்கவேண்டியது நாளுக்கு 1.75 யூனிட்.

இதை எங்கே எடுப்பது? பலரும் விளக்கை அணைக்க ஓடுவார்கள். எல்.இ.டி. விளக்கில் அவ்வளவு கிடைக்காது. குளியலறைச் சுடுநீர்ப் பெட்டி வழக்கமாக 3.6 கிலோவாட். அது முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். மூன்று பேர் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் 1.8 யூனிட். பினாங்கு வெயிலுக்கு மாலைக் குளியலைப் பச்சைத் தண்ணீரில் முடித்தாலே தேவையான அளவு வந்துவிடுகிறது. ஏர்கோன் பக்கம் எடுப்பதென்றால், இன்வெர்ட்டர் இல்லாத ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறத்தாழ 0.8 யூனிட் இழுக்கும். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் குறைத்தால் சரியாகிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு டைமர் வைத்துவிட்டு மின்விசிறிக்கு மாறினால் தூக்கமும் கெடாது.

ஏற்கெனவே 275 ஆகியிருந்தால் இந்த மாதம் 350-ஐ விட்டுவிடுங்கள். அடுத்த கோடு 400. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், பதினான்கு ரிங்கிட்டுக்காக அவர்களைப் புழுக்கத்தில் படுக்க வைக்கவேண்டாம்.

நாள் தாண்டிக் கட்டினா எவ்வளவு அபராதம்?

பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்டவேண்டும். தாண்டினால் கட்டாத தொகைக்கு 1 சதவீதம். 97.10 ரிங்கிட்டுக்கு 97 சென். எண்ணுவது பில் தேதியிலிருந்து. பில்லைக் கையில் வாங்கிய நாளிலிருந்தும் இல்லை, மீட்டர் படித்த நாளிலிருந்தும் இல்லை.

அபராதம் சின்னதுதான், அதை நினைத்துத் தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. ஆனால் தாமதம் பழக்கமாகிவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் நோட்டீஸ் வரும். அதோடு முன்பணத்தையும் மறுபடி கணக்கிட்டுக் கூட்டிக் கேட்கலாம். இரண்டு மாதக் கட்டணத்தை ஒட்டித்தான் முன்பணம் இருக்கும். 97 சென்னோடு முடியும் விஷயமில்லை.

பில்லில் இரண்டு தொகை இருக்கு. எதைக் கட்டணும்?

'துங்காக்கான்' என்றால் பழைய பாக்கி, 'சாஜ் செமாசா' என்றால் இந்த மாதக் கட்டணம். அந்த 30 நாள் சலுகை இந்த மாதக் கட்டணத்துக்குத்தான். பாக்கியை உடனே கட்டவேண்டும். 97.10 பாக்கியும் 80.36 புதியதும் சேர்ந்து 177.46 என்று வந்து, கையில் நூறுதான் இருக்கிறது என்றால், பாக்கி தீரும் அளவுக்காவது இன்றைக்கே கட்டிவிடுங்கள். துண்டிப்பு நோட்டீஸ் பாக்கியை வைத்துத்தான் வரும்.

போன பில்லைக் கட்டியும் துங்காக்கான் வருகிறதென்றால், நீங்கள் கட்டிய தேதியையும் பில் தேதியையும் பாருங்கள். பில் அச்சாகும் நாளை ஒட்டிக் கட்டியிருந்தால் அது இந்த பில்லில் ஏறியிருக்காது. ரசீதை வைத்துக்கொண்டு செயலியில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு அப்புறம் கட்டுங்கள், இரண்டு தடவை கட்டிவிடாதீர்கள்.

வாடகை வீடு. பில் வீட்டுக்காரர் பேருல வருது. நான் எதைப் பார்த்துக்கணும்?

சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து, அதை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் ஓடியது உங்களுடையது இல்லை என்று காட்ட அந்தப் படம் போதும். கடைசி பில்லையும் கேட்டு வாங்குங்கள். அதில் துங்காக்கான் இருந்தால் முதலில் அதை முடிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பாக்கி யாருடையதாக இருந்தாலும் துண்டிக்கப்படுவது நீங்கள் குடியிருக்கும் வீட்டு இணைப்புதான்.

அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் எல்லா அறையும் ஒரே மீட்டர் என்றால், படி கணக்கும் வீடு முழுவதற்கும் சேர்த்துத்தான். உங்கள் அறைக்குத் தனியாகக் கழிவு கிடையாது.

பில் நிச்சயமாத் தப்புன்னு தோணுது. யார்கிட்ட போறது?

முதலில் மூன்றைப் பாருங்கள்: உத்தேச அளவா உண்மை அளவா, எத்தனை நாள், நாளுக்கு எத்தனை யூனிட். அதற்குப் பிறகும் நாளுக்கான யூனிட் காரணமில்லாமல் தாவியிருந்தால், ஒரு ராத்திரி வீட்டில் எல்லா சுவிட்சையும் பிளக்கையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடிக்கொண்டே இருந்தால் வயரிங்கில் கசிவோ, உங்கள் மீட்டரிலிருந்து வேறு எங்கோ இழுக்கும் இணைப்போ இருக்கலாம். பதிவுபெற்ற வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். நீங்களே மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கக்கூடாது. முத்திரை உடைந்திருந்தால் பழி உங்கள் மேல் வரும்.

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தால் டி.என்.பி.யின் கேர்லைன் 1-300-88-5454-க்குக் கூப்பிட்டு, மீட்டர் படத்தையும் கடைசி மூன்று பில்லையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண் ஒன்று கொடுப்பார்கள், அதை எழுதி வையுங்கள். அங்கே தீரவில்லையென்றால் அந்த எண்ணோடு எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவிடம் எழுத்தில் புகார் செய்யலாம். புகார் நடந்துகொண்டிருக்கும்போது பில்லையே கட்டாமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்கமான தொகையையாவது கட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் மறுக்கிறேன் என்று அவர்களிடம் தெளிவாகப் பதியவையுங்கள்.